ஆறாம் நம்பர் ஒயர்

என் அண்ணன் சகாதேவன் ஒரு ஸ்க்ரூவை முடுக்கினால் உடனே அந்த ஒயரை இழுத்துப் பார்ப்பார். இரண்டு தரம் இழுப்பார். முதல் தரம் மெதுவாக, இரண்டாம் தரம் கோபம் வந்தவர் மாதிரி. "நாம இழுத்து வராததுதான் நாளைக்கும் வராது" என்பார். சாப்பிட உட்கார்ந்தால் மணையைக்கூட ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அம்மா அதற்காகத் திட்டுவாள்.

செங்கம் ரோட்டில், ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் அவர் கடை இருந்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பத்து வருஷம் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவர். பிறகு தனியாக ஸ்டார்ட்டர் பெட்டிகள் செய்து கொடுக்க ஆரம்பித்தார். எண்பத்து மூன்றில் நான் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். போனால் சும்மா விடமாட்டார்.

"சரோஜா, கையெழுத்து நல்லா இருக்குதுன்னு காலேஜ்ல சொன்னாங்கல்ல? இந்தா, எழுது."

காயில் கட்ட வாங்கும் ஸ்லீவ் என்கிற மெல்லிய குழாயை விரல்நுனி அளவு துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார். வண்ணான் துணியில் குறி போடுகிற மையால் அதன்மேல் எண் எழுதவேண்டும். ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண். எழுதிய துண்டை ஒயரில் கோத்து, பிறகு டெர்மினலில் முடுக்குவார். ஆறு எழுதினால் கீழே கோடு போடச் சொல்லுவார். இல்லாவிட்டால் ஸ்லீவ் திரும்பிக்கொண்டதும் அது ஒன்பதாகிவிடும். நான் போட்ட கோடுகள் கோணலாக இருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதச் சொல்லுவார்.

அந்த வருஷக் கோடையில் கிணறுகள் எல்லாம் வற்றிப்போயிருந்தன. திரும்பிய பக்கமெல்லாம் கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. சின்னசாமி என்பவர் அந்த வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். கையால் சுற்றும் கிரேனைத் தள்ளிவிட்டு, கரன்ட் மோட்டாரில் ஓடும் வின்ச் ஒன்றைக் கட்டியிருந்தார். கிணற்று மேட்டில் இரும்புக் கால் நட்டு, உச்சியில் கப்பி. அதன் வழியாக ஓடும் கம்பிக்கயிற்றில் ஒரு இரும்புத் தொட்டி. கல்லும் சேறும் அந்தத் தொட்டியில்தான் மேலே வரும். ஆளும் அதில்தான் இறங்கி ஏறுவான், தொட்டியின் விளிம்பில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அந்த வின்ச்சுக்குப் பெட்டி செய்து கொடுத்தது அண்ணன்.

அந்தப் பெட்டியை நான் நன்றாக அறிவேன். ஒன்றரை அடி உயரத் தகரப் பெட்டி. மேல் வரிசையில் இரண்டு கான்டாக்டர், கரன்ட் வந்தால் தானாக இழுத்துக்கொள்ளும் பெரிய சுவிட்ச்சுகள். ஒன்று இழுத்தால் மோட்டார் தொட்டியைத் தூக்கும், மற்றது இழுத்தால் இறக்கும். அவற்றுக்குக் கீழே ஓவர்லோடு ரிலே. அடியில் ஒரே நேர்கோட்டில் டெர்மினல்கள்: இடக்கோடியில் உள்ளே வரும் மூன்று ஃபேஸ், வலக்கோடியில் மோட்டாருக்குப் போகும் மூன்று, நடுவில், ஓட்டுகிறவன் கையில் வைத்து அமுக்கும் பட்டன் டப்பாவுக்குப் போகும் சின்ன ஒயர்கள். எல்லாக் கேபிளும் அடிப்பக்கமாகத்தான் நுழையும், ஒவ்வொன்றும் கிளாண்டு வழியாக. கிளாண்டு என்பது கேபிளின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் பித்தளை நட்டு. அதற்கு உள்பக்கம் ஒரு கிளிப்பும் போட்டிருப்பார். வெளியே யாராவது கேபிளை இழுத்தால் அந்த இழுப்பு கிளாண்டோடு நின்றுபோகவேண்டும், ஸ்க்ரூவரை போகக்கூடாது.

பட்டன்களுக்கு ஒரே ஒரு ஃபியூஸ். அதை மட்டும் எல்லாவற்றையும் விட்டு விலக்கி, கதவு திறக்கிற பக்கத்து மேல் மூலையில் தனியாக வைத்திருந்தார்.

"ஏன்ணா இது மட்டும் ஊரை விட்டு ஒதுங்கி நிக்குது?" என்று கேட்டேன்.

"கண்ண மூடிக்கினு கை வெச்சா இதுதான் ஆப்புடணும். இத உருவுனா ரெண்டு கான்டாக்டரும் விட்டுடும். பிரேக்கு தானா புடிச்சிக்கும்."

கதவுக்கு ஸ்க்ரூ போடமாட்டார். கையால் திருகும் இறக்கை நட்டு இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. பத்து மணி இருக்கும். அன்று சாப்பாட்டை முன்னாடியே கொண்டுபோயிருந்தேன். சின்னசாமி மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். இரண்டாவது வின்ச் கட்டப்போவதாகவும் இதேமாதிரி இன்னொரு பெட்டி வேண்டும் என்றும் சொன்னார். சந்தோஷமாக இருந்தார்.

"சகாதேவா, உன் பெட்டி ராசியான பெட்டிப்பா. நேத்து சாயந்திரம் வேங்கிக்கால் தாண்டி ஏரிக்குக் கீழ ஒரு கெணத்துக்கு மாத்திட்டோம். காலைல சுச்சிய போட்டா ஒரே கூத்து. மேலன்னு அமுக்குனா கீழ போவுது, கீழன்னா மேல வருது!"

அண்ணன் சிரித்தார். "ஃபேஸு மாறியிருக்கும். மெயின்ல எந்த ரெண்டையாவது மாத்திப் போட்டா சரியாப் பூடும்."

"மெயின எங்க தொடுறது? கெணத்துக்காரன் ஒயர மாட்டி உட்டுட்டு மோட்டார் கொட்டாயப் பூட்டி சாவிய எடுத்துக்கினு போளூருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டான். நம்ம மூர்த்தி இருக்கிறானே, கில்லாடி! உன் பெட்டியத் தொடவே இல்ல. கையில இருக்குற பட்டன் டப்பாவக் கழட்டி, உள்ள ரெண்டு ஒயர மாத்திப் போட்டான். ரெண்டே நிமிஷம். இப்ப மேலன்னா மேல, கீழன்னா கீழ."

அண்ணன் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது.

"எங்க மாத்துனான்?"

"அதான் சொல்றனே, பட்டன்ல."

"மேல நிக்கிற சுச்சி? கப்பிகிட்ட வெச்சனே, தொட்டி போயி இடிச்சா நிக்கிறது, அத சோதிச்சுப் பாத்தானா?"

"அத எதுக்குச் சோதிக்கணும்? போன கெணத்துல நல்லாத்தான நின்னுது."

அண்ணன் எழுந்துவிட்டார். "இப்ப உள்ள யாரு இருக்கறா?"

"ராமதாஸ்தான். வேற யாரு?"

"வண்டிய எடுங்கண்ணா."

"இன்னாய்யா, டீ சொல்லியிருக்கறன்..."

"எடுங்கன்றன்ல!"

அண்ணன் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சின்னசாமியும் கேட்டதில்லை போலிருக்கிறது. போய் வண்டியை உதைத்தார். அண்ணன் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று சொன்னார்: "சரோ, கடையப் பாத்துக்கோ."

அவர்கள் போன பிறகு, நான் எழுதிக்கொண்டிருந்த ஸ்லீவுகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, அவர் மனசில் ஓடியதை நானும் ஓட்டிப் பார்த்தேன். பௌதிகம் படித்தவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவருக்கு ஒரு மூச்சு நேரம்.

மேலே போகும் பட்டனிலிருந்து மூன்றாம் நம்பர் ஒயர் போகிறது. அது கப்பிக்குக் கீழே இருக்கும் சுவிட்ச்சுக்குப் போய், அதன் வழியாகத்தான் தூக்கும் கான்டாக்டருக்குப் போகும். தொட்டி உச்சிக்கு வந்து சுவிட்ச்சை இடித்தால் அந்த வழி அறுந்து மோட்டார் நின்றுவிடும். கீழே போகும் பட்டனிலிருந்து போவது ஆறாம் நம்பர். அது நேராக இறக்கும் கான்டாக்டருக்குப் போகிறது. இறங்குவதற்கு மேல் சுவிட்ச் எதற்கு? அதனால் அந்த வழியில் சுவிட்ச் கிடையாது.

இப்போது ஃபேஸ் மாறிவிட்டதால் இறக்கும் கான்டாக்டர்தான் தூக்குகிறது. மூர்த்தி பட்டனில் ஒயரை மாற்றிவிட்டதால் 'மேலே' என்று எழுதிய பட்டனை அமுக்கினால் கரன்ட் ஆறாம் நம்பர் வழியாகப் போகிறது. தொட்டி மேலே வருகிறது, எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் உச்சியில் நிறுத்துவதற்கு மூர்த்தியின் கட்டை விரலைத் தவிர ஒன்றும் இல்லை. விரல் எடுக்கத் தவறினால் தொட்டி கப்பியில் போய் மோதும். ஆள் கயிற்றைப் பிடித்திருக்கும் கை முதலில் கப்பிக்குள் போகும். பிறகு கயிறு அறும். கீழே எழுபது அடி.

கிணற்றில் நடந்தது நான் பார்த்ததல்ல. மூர்த்தி சொன்னான், ராமதாஸ் சொன்னார், அவர் மனைவி பொன்னி சொன்னாள். மூன்று பேர் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்ததால் எழுதுகிறேன். அண்ணன் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

ஏரிக்கரைக்குக் கீழே வண்டி போகாது. அங்கிருந்து இருவரும் ஓடினார்கள். பொன்னி மேட்டில் கல் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தாள். முதலில் பார்த்தவள் அவள்தான். "கான்ட்ராக்டரு தொப்ப குலுங்க ஓடியாறாரு, என்னான்னு தெரியாம சிரிச்சிட்டேன்" என்று பின்னால் சொன்னாள்.

ராமதாஸ் ஏறிக்கொண்டிருந்தார். மூர்த்தி கிணற்று விளிம்பில் நின்று, பட்டன் டப்பாவை ஒரு கையில் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கேபிள் விறைப்பாக அவன் பின்னால் நீண்டிருந்தது. தொட்டி கிணற்று விளிம்புக்கு ஒரு ஆள் உயரம் கீழே வந்திருக்கிறது.

அண்ணன் தூரத்திலிருந்தே கத்தினார்: "மூர்த்தி! நிறுத்து! கைய எடு!"

மூர்த்தி பதறித் திரும்பினான். திரும்பினவன் டப்பாவோடு திரும்பினான். கேபிள் வெடுக்கென்று இழுபட்டது.

காலையில் ஒயர் மாற்றும்போது, உள்ளே கொஞ்சம் நீளம் வேண்டும் என்று டப்பாவின் கிளாண்டைத் தளர்த்தியிருந்தான். உள்ளே இருந்த கிளிப்பையும் கழற்றிவிட்டான். திருப்பி முடுக்கவில்லை. அவ்வளவு இழுப்பும் நேராக ஸ்க்ரூவுக்குப் போயிற்று. நிறுத்தும் பட்டனுக்கு வரும் ஒன்றாம் நம்பர் ஒயர் பிய்ந்தது. அது எப்போதும் உயிரோடு இருக்கும் ஒயர். பிய்ந்து தனியாக நின்றிருந்தால் மோட்டார் நின்றிருக்கும். அது நிற்கவில்லை. பக்கத்து ஸ்க்ரூவில் போய்ச் சாய்ந்தது. அந்தப் பக்கத்து ஸ்க்ரூவில் அண்ணன் வைத்திருந்தது மூன்றாம் நம்பர். அன்று காலையிலிருந்து அங்கே இருந்தது ஆறு.

மூர்த்தி விரலை எடுத்துவிட்டான். தொட்டி நிற்கவில்லை.

"வுட்டுட்டண்ணா! வுட்டுட்டன், நிக்கல!"

சிவப்புப் பட்டனை அமுக்கினான். குத்தினான். கரன்ட் அந்தப் பட்டனுக்கே வராமல் நேராக ஆறில் போய்க்கொண்டிருந்தது. அமுக்கி என்ன ஆகும்?

தொட்டி கிணற்று விளிம்பைத் தாண்டி மேலே போயிற்று. பொன்னி கூடையைப் போட்டுவிட்டு, "இறங்குய்யா! குதி!" என்று அலறினாள். எங்கே குதிப்பது? நாலு பக்கமும் கிணற்றின் வாய். சின்னசாமி மோட்டார் கொட்டாய்க்கு ஓடிப் பூட்டைப் பிடித்து ஆட்டினார். சாவி போளூரில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் கிணற்றுப் பக்கமே போகவில்லை. வின்ச்சுக்கு ஓடினார், பெட்டிக்கு. மேல் நட்டு இரண்டு திருகில் வந்தது. கீழ் நட்டு வரவில்லை. பசங்க யாரும் கை வைக்கக்கூடாது என்று மூர்த்தியே கட்டிங் பிளேயரால் இறுக்கியிருந்தான்.

"கப்பிக்கு இன்னா தூரம்?" என்று அண்ணன் திரும்பாமலே கேட்டாராம்.

"ஆறடி, அஞ்சு..." மூர்த்தி எண்ணிக்கொண்டே போனான்.

கதவின் மேல் மூலையில் விரலை விட்டு வெளியே வளைத்தார். தகரம் உள்ளங்கையைக் கிழித்தது. கை நுழைகிற அளவுக்குத்தான் சந்து. உள்ளே ஒன்றும் தெரியாது. முழு ஃபேஸ் கரன்ட் ஓடுகிற பெட்டி, ரத்தம் வழிகிற கை. வேறு யார் செய்த பெட்டியாக இருந்தாலும் கையை விட்டிருக்க மாட்டார். அவர் விரல் எங்கே போகவேண்டுமோ அங்கேதான் அந்தப் பீங்கான் ஃபியூஸ் இருந்தது, தன்னந்தனியாக. பிடித்து உருவினார்.

டக். கான்டாக்டர் விட்ட சத்தம் ஒன்று, பிரேக் கவ்விய சத்தம் ஒன்று. பிறகு பொன்னி அழுகிற சத்தம் மட்டும்.

ராமதாஸ் ஒரு கையை ஏற்கெனவே கயிற்றிலிருந்து எடுத்துத் தலையை மூடிக்கொண்டிருந்தார். கப்பிக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. மேல் சுவிட்ச்சின் நெம்புகோல் தொட்டி ஏறும்போதே இடிபட்டு வளைந்திருந்தது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, கரன்ட் ஓடாத வழியில்.

கொக்கியால் தொட்டியை இழுத்து, ஏணி வைத்து அவரை இறக்கினார்கள். இறங்கியதும் அவர் மூர்த்தியைத் தாண்டி நேரே அண்ணனிடம் வந்தார்.

"ஒயர்மேன், உன் பெட்டின்னுதான் நான் ஏர்றன். எங்கொப்பன் கயிறு கட்டிக்கினு எறங்குனவன். கயித்த நம்பலாம், கண்ணுல தெரியுது. இதுல இன்னா தெரியுது எனக்கு?"

அண்ணன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பட்டன் டப்பாவைத் திறந்தார். 'மேலே' பட்டனில் என் கையெழுத்து: 6. கீழே கோடு போட்ட ஆறு. ராமதாஸைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது தெரியுதா? இந்த நம்பரு இங்க இருக்கக்கூடாது. அவ்ளோதான் நடந்தது." ராமதாஸுக்குப் படிக்கத் தெரியாது. கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

சின்னசாமி அதற்குள் தேறிவிட்டார். "ரெண்டு மணியோட த்ரீ ஃபேஸு பூடும் சகாதேவா. சட்டுனு மாட்டு. இன்னும் பத்து நடை எடுத்துடலாம்."

"இன்னிக்கு ஒரு நடையும் கெடையாது."

"இன்னாய்யா பேசற? ஆளுங்க கூலி..."

"கூலி குடுத்துடுங்க."

ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்தி சாயும்போதுதான் சாவி வந்தது. மெயினை இறக்கி, பெட்டியின் இடக்கோடியில் இரண்டு ஃபேஸை இடம் மாற்றினார். மூன்றையும் ஆறையும் அதது இடத்தில் வைத்தார். கிளிப் போட்டு, கிளாண்டை இறுக்கி, டப்பாவின் கேபிளைப் பிடித்து முழு உடம்போடு தொங்கிப் பார்த்தார். மூர்த்தியையும் தொங்கச் சொன்னார். அவன் அழுதுகொண்டே தொங்கினான்.

"அழுவாதடா. நானும்தான் கத்துனேன். நான் கத்தலன்னா நீ திரும்பியிருக்க மாட்ட" என்றாராம். மூர்த்தி இதை என்னிடம் சொன்னது ஐந்து வருஷம் கழித்து, அண்ணனைப் பாயில் கிடத்தியிருந்த அன்று.

மறுநாள் காலை ராமதாஸ் தொட்டியில் ஏற மறுத்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றார். அவருக்குக் கிணறு என்றாலே ஆகாது. சின்ன வயசில் ஒரு தரம் விழுந்தவர். வீட்டுக் கிணற்றில்கூட எட்டிப் பார்க்கமாட்டார்.

"மூர்த்தி, எறக்கு. அடிவரைக்கும்."

இறங்கினார். பிறகு மேலே வந்தார். விளிம்புக்கு வந்ததும் மூர்த்தி விரலை எடுக்கப் போனான்.

"எடுக்காத. அமுக்கிக்கினே இரு."

"அண்ணா, வேணாண்ணா..."

"அமுக்குடா."

தொட்டி அவரோடு கப்பியை நோக்கிப் போயிற்று. நிமிர்த்தி வைத்த நெம்புகோல் இடிபட்டது. டக். மூர்த்தி பட்டனை அமுக்கிக்கொண்டேதான் இருந்தான். தொட்டி நின்றுவிட்டது. அண்ணன் அங்கேயே தொங்கிக்கொண்டு ராமதாஸைப் பார்த்தார். ராமதாஸ் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்த எல்லா வின்ச் பெட்டியிலும் கதவின்மேல் தனியாக ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. பட்டன் டப்பா மூடியின் உள்பக்கம் நான் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும்: 'மேலே கீழே மாறினால் இங்கே தொடாதே. ஃபேஸை மாற்று.' புதுப் பெட்டியை மாட்டிக் கொடுத்தால் முதல் நடை அவருடையது. உச்சிவரை போய் நின்றுவிட்டு இறங்குவார். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடமாட்டார்.

இந்தத் தை மாதம் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோயிற்று. பதினெட்டே நாள். முப்பத்தொன்பது வயசு. கடையில் பாதி முடிந்த பெட்டி ஒன்று இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்துவரை கோத்து முடுக்கியிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த ஆறு, தட்டில் கிடக்கிறது.

ராமதாஸும் பொன்னியும் செய்தி கேட்டு நடந்தே வந்தார்கள். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். ராமதாஸ் குனிந்து ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முதல் தரம் மெதுவாக, இரண்டாம் தரம் பலமாக. ஒரு முடிச்சு நெகிழ்ந்தது. அதை அவிழ்த்து அவரே கட்டினார்.